ஆறு மணிக்கு வரும் என் குரல்

எனக்குக் கோபம் கொஞ்சம் முன்னால் ஓடும். அந்த அட்டையும் கோபத்தில் பிறந்ததுதான்.

திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் நீரிழிவு கிளினிக்கில் நான் தாதி. எங்கள் நோயாளிகளுக்குத் தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தது. ‘தங்களுக்கு விதந்துரைக்கப்பட்ட இன்சுலின் அளவினை உரிய வேளைகளில் தவறாது உட்செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்.’ இதை எழுதியவரைக் கண்டால் ஒரு கேள்வி கேட்க ஆசைப்பட்டேன்: உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசுவார்களா? எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு எழுத்து அரைகுறை. இலக்கம் தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகையை நிறம் பார்த்து அறிவார்கள், தொலைபேசியில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் தெரியும். ‘உட்செலுத்துமாறு’ தெரியாது. செய்தி வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நீட்டுவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தால் செய்தி சும்மா கிடக்கும்.

நான் மருத்துவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் சிரித்துவிட்டு, “அப்ப நீங்களே செய்யுங்கோவன், மிஸ்” என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் வழக்கம்.

இரண்டு வாரம் இருந்து செய்தேன். தபாலட்டை அளவில் ஓர் அட்டை. அதில் இரண்டே படங்கள். மேல் படத்தில் பனைமரங்களுக்குப் பின்னால் பாதிச் சூரியன், பக்கத்தில் நிறைய மருந்து இழுத்த ஊசி, ‘22’ என்ற இலக்கம். கீழ்ப் படத்தில் கடலில் பாதி அமிழ்ந்த சூரியன், கொஞ்சமாக மருந்து இழுத்த ஊசி, ‘10’. காலையில் பெரிது, பின்னேரம் சிறிது. எழுத்து ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஆள் அளவு வேறு என்பதால் இலக்கத்தை மட்டும் நான் கையால் எழுதினேன்.

அதோடு ஒரு அழைப்பு. கொழும்பில் ஒரு சிறு கணினி நிறுவனம் உதவிக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அவர்களுடைய இயந்திரம் நோயாளிக்கு அழைப்பு எடுக்கும். எடுத்தால் என் குரல் கேட்கும். “நான் கிளினிக் மிஸ். ஊசி போடுற நேரம். படத்தைப் பாருங்கோ. அந்தளவு போடுங்கோ.” பன்னிரண்டு விநாடிதான். முதலில் நீளமாகப் பேசியிருந்தேன், பிறகு சொல் சொல்லாக வெட்டினேன். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று இரண்டு பதிவு செய்ய வேண்டுமா என்று நிறுவனத்தார் கேட்டார்கள். படம் இருக்கிறதே, ஒன்று போதும் என்றேன். அந்த ‘ஒன்று போதும்’ என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

பரீட்சித்துப் பார்க்காமலும் இல்லை. எங்கள் கிளினிக்கின் சிற்றூழியர் அண்ணையிடம் காட்டினேன். அவர் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஆனால் வாய் பட்டதாரி. “இது காலமை, இது பொழுதுபடுற நேரம். குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும், மிஸ்” என்றார். அவருடைய அயலவர் இருவரைக் கூட்டிவந்தார். அவர்களும் அதையே சொன்னார்கள். நான் தலைகால் தெரியாமல் மகிழ்ந்தேன்.

முதலில் புதிதாக இன்சுலின் தொடங்கிய ஆறு பேருக்குக் கொடுத்தோம். தொடக்கம் என்பதால் ஆறு பேருக்கும் ஒரே அளவு, காலையில் 22, மாலையில் 10. அவர்களில் ஒருவர் நகருக்கு வெளியே சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் கருவாடு போடும் அக்கா. ஐம்பதைக் கடந்தவர், புருஷன் இல்லை, தனியாள். குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் மருந்துக் குப்பியை மண்பானைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஊசியில் இழுப்பதை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டார். மீன் வெட்டுகிற கைக்கு நடுக்கம் ஏது?

“விளங்கினதோ அக்கா?” என்று கேட்கக் கூடாது, எல்லாரும் ஓம் என்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் கெட்டித்தனமாக, “பெரிய ஊசி எந்தப் படம்?” என்று கேட்டேன். மேல் படத்தைத் தொட்டார். “சின்னன்?” கீழ்ப் படத்தைத் தொட்டார். சரி என்றேன். அந்தப் படம் எந்த நேரம் என்று மட்டும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். “தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதேங்கோ. பரிசு விழுந்திருக்கெண்டு ஏமாத்துவாங்கள். கடைசியிலை ரெண்டு ஏழு இருந்தால் அது நான். அதை மட்டும் எடுங்கோ. போன் வந்த பிறகு ஊசியைப் போடுங்கோ.”

“ஓம் மிஸ்” என்று அட்டையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார். அது புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலே முக்காலுக்கு, உப்புவெளியிலிருந்து ஒரு கிழவர் காற்புண்ணுக்குக் கட்டுப்போட வந்தார். வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போனவர். அவருக்கும் அடுத்த மாதம் இன்சுலின் தொடங்க இருந்தது. நான் பெருமை தாங்காமல் அட்டையை அவர் மடியில் வைத்தேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “விடியக்காலமை கொஞ்சம், பின்னேரம் கனக்க. என்ன?”

“மாறிச் சொல்லுறியள், அப்பு” என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

“நான் மாறிச் சொல்லேல்லை, பிள்ளை. இஞ்ச பார். சூரியன் கடலுக்கை நிக்குது. நாங்கள் வலை ஏத்திக்கொண்டு வாற நேரம். அது விடியல் இல்லாமல் வேறென்ன? இது பனைக்குப் பின்னாலை விழுகுது. பின்னேரம்.”

அட்டையை அவர் மடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நான் மன்னாரில் பிறந்தவள். எங்கள் ஊரில் சூரியன் பனங்காட்டுக்குள்ளிருந்து எழும்பும், கடலில்தான் விழும். சின்ன வயதிலிருந்து மாலை என்றால் எனக்குச் சிவந்த கடல். இங்கே வந்து ஏழு வருடம், விடுதிக்கும் வார்டுக்கும் நடுவே ஓடியதில் சூரியன் எந்தப் பக்கத்தில் எழும்புகிறது என்று நின்று பார்த்ததில்லை. அப்படியானால் சிற்றூழியர் அண்ணை ஏன் சரி என்றார்? அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “எங்கடை வீடு உள்துறைமுகப் பக்கம், மிஸ். எங்களுக்குப் பொழுது தண்ணிக்கு மேலாலைதான் படும்” என்றார். அவர் கூட்டிவந்த இருவரும் அதே ஒழுங்கைக்காரர். ஒரே நகரம், மேற்கே ஒரு தண்ணீர், கிழக்கே ஒரு தண்ணீர். நான் மூன்று பேரிடம் கேட்டதாக நினைத்தேன், ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஆறு அட்டைகள் வெளியே போயிருந்தன. காலையில் போட வேண்டியதை மாலையில் போட்டால், இரவுக்கு அளவுக்கு மிஞ்சிய மருந்து. சீனி இறங்கும். நித்திரையில் இறங்கினால் எழும்பிச் சொல்வதற்கும் ஆள் இருக்காது.

என் சொந்தத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தேன். நாலு பேர் உள்துறைமுகப் பக்கத்தார், அவர்கள் சரியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கரையில், நிலாவெளியில் ஒருவருக்கு மகன் எடுத்தான். அவர் மாறித்தான் போட்டிருந்தார். மகனைக் கொண்டு இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்த பிறகுதான் விட்டேன். மிச்சம், அதே கரையில் இருக்கும் சல்லி அக்கா. மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. ஐந்தாம் தடவை அழைப்பைத் துண்டித்தார். உயிரோடு இருக்கிறார் என்று நெஞ்சில் ஒரு ஆறுதல், உடனே ஒரு நெருப்பு. தெரியாத நம்பரை எடுக்காதே என்று சொன்னவள் நான். சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்கிறார்.

“மிஸ், இண்டைக்கு வெள்ளிக்கிழமை” என்றார் சிற்றூழியர் அண்ணை. “அந்த அக்கா விரதமெல்லோ? மத்தியானம் ஒரு நேரம்தான் சாப்பிடுவா. புதன்கிழமை வரேக்கையே சொன்னவ.”

சொன்னதுதான். நானும் கேட்டு, ‘விரதத்தை விடுங்கோ அக்கா’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் இருபத்திரண்டு. மருத்துவரை அழைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய சிரிப்பு நின்றது. “அவ ஊசி போடக்கூடாது. நீங்கள் போய்ச் சுகரைப் பாருங்கோ. பிறகு சொல்லுறன்” என்றார்.

மணி ஐந்து பத்து. சரியாக ஆறு மணிக்கு, கடைசியில் இரண்டு ஏழு உள்ள நம்பரிலிருந்து அவருக்கு அழைப்பு வரும். அதை எடுப்பார். என் குரல், அன்பாக, தெளிவாக, படத்தைப் பார்த்து அந்தளவு போடுங்கோ என்று சொல்லும்.

இயந்திரத்தை நிறுத்த வேண்டும். கொழும்பு நிறுவனத்துக்கு அழைத்தேன். ஐந்து மணிக்கே அலுவலகத்தை மூடிவிட்டார்கள், பொறுப்பானவரின் கைபேசி அணைந்திருந்தது. ‘நிறுத்த ஏலாது’ என்று நான் கத்தியபோது மருந்தெடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நினைவு வந்தது. நிறுத்த முடியாது, மாற்ற முடியும். பதிவு செய்வதற்கு எனக்கு ஓர் எண்ணும் இரகசிய இலக்கமும் தந்திருந்தார்கள். அக்கா எடுக்கும் ஒரே நம்பர் அந்த இரண்டு ஏழு நம்பர்தான். அதில் என் குரல் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

ஆட்டோ ஒன்றை மறித்து ஏறினோம், நானும் சிற்றூழியர் அண்ணையும், மடியில் சுகர் பார்க்கும் கருவியும் ஒரு குளுக்கோஸ் பெட்டியும். ஓடுகிற ஆட்டோவுக்குள் இருந்து எண்ணை அழுத்தினேன். ‘பீப்’ என்றதும் பேசினேன். “வணக்கம் அக்கா, நான் கிளினிக் மிஸ் கதைக்கிறன், உங்களுக்குத் தந்த அட்டையிலை ஒரு பிழை நடந்து போச்சு, கோவிக்காதேங்கோ, அதாவது மேலை இருக்கிற படம்…”

“மிஸ்” என்று அண்ணை என் கையைப் பிடித்தார். “இது ஆருக்கு விளங்கும்? அவ ‘கிளினிக் மிஸ்’ எண்டவுடனை குத்திப் போடுவா. முதல் சொல்லே வேறையா இருக்க வேணும்.”

என்னைத் திருத்தியதற்கு வேறு நாளென்றால் அவருக்குப் பேச்சு விழுந்திருக்கும். அழித்துவிட்டு யோசித்தேன். இந்த அழைப்பு ஆறு பேருக்கும் போகும், ஆறு பேருக்கும் உண்மையாக இருக்க வேண்டும். மன்னிப்பை வெட்டினேன், காரணத்தை வெட்டினேன், படத்தை வெட்டினேன். ஐந்து முப்பத்தெட்டுக்கு மறுபடி அழுத்தினேன்.

“பொறுங்கோ! போடாதேங்கோ. இப்ப பின்னேரம். பின்னேரம் சின்ன ஊசி. பத்து. பத்துத்தான். சாப்பிடாட்டி ஊசியே வேண்டாம். பொறுங்கோ.”

பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது, என் மூச்சு இரைத்தது, இடையில் ஆட்டோ ஒரு குழியில் விழுந்து ‘பத்து’ உடைந்தது. அழகான பதிவு அல்ல. ஏற்றினேன். ‘மாற்றம் நடைமுறைக்கு வரச் சிறிது நேரம் எடுக்கலாம்’ என்றது இயந்திரம். எவ்வளவு நேரம்? அதை மட்டும் அது சொல்லவில்லை.

உப்புவெளியைத் தாண்டியபோது ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அண்ணை சாரதியின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். இடது பக்கம், பனைகளுக்குப் பின்னால், சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வரைந்தது போலவே, ஒரு கோடும் பிசகாமல். என் ‘காலை’ என் கண் முன்னால் இருட்டிக்கொண்டு வந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆறு மணிக்கு நாங்கள் சல்லிக்குப் போகும் பாலத்தில் நின்றோம். எதிரே மாடுகள். என் கைபேசியில் ஆறு பூச்சியம் பூச்சியம் என்று விழுந்தது. இப்போது அங்கே மணி அடிக்கிறது. இப்போது எடுக்கிறார். எந்தக் குரல் பேசுகிறது, பழையதா, புதியதா? அண்ணை ஆட்டோவிலிருந்து குதித்து மாடுகளை அடித்து விரட்டினார். நான் இறங்கி ஓடினேன், பிறகு ஆட்டோ என்னை எட்டிப் பிடித்து ஏற்றியது.

வீட்டு வாசலில் சாமிப்படத்துக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்திருந்தார். மடியில் அட்டை, ஒரு கையில் தொலைபேசி. பக்கத்து ஸ்டூலில், ஒரு கோப்பைத் தட்டின் மேல், ஊசி. நான் ஊசியைத்தான் பார்த்தேன். இருபத்திரண்டு கோடு வரை மருந்து இருந்தது. முழுவதும் இருந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“போடேல்லையோ?” என்று கேட்டதுதான் நினைவு.

“இல்லை மிஸ். இழுத்து ஆயத்தமா வைச்சிட்டு உங்கடை போனுக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். நீங்கள்தானே சொன்னனீங்கள், போன் வந்த பிறகு போடச்சொல்லி.” அவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார். “மற்ற நேரமெல்லாம் வாசிக்கிற மாதிரிக் கதைப்பியள். இண்டைக்கு மூச்சு வாங்கிச்சுது. எனக்கு நெஞ்சு திக்கெண்டது. ‘என்ன பிள்ளை, எங்கையிருந்து ஓடி வாறாய், ஆர் துரத்துறாங்கள்?’ எண்டு கேட்டனான். நீங்கள் சொல்லேல்லை. பத்துப் பத்தெண்டு கத்துறியள், அட்டை வேறை சொல்லுது. ரெண்டும் சரிவரேல்லை. சரி, என்ன நடந்ததெண்டு தெரியாமல் குத்தேலாது எண்டு கீழை வைச்சனான்.”

விரலில் குத்திச் சுகர் பார்த்தேன். எண்பத்திரண்டு. மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இதன் மேல் இருபத்திரண்டு போயிருந்தால் விடியும்போது என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. முந்தின இரண்டு இரவும் உடம்பெல்லாம் வேர்த்து நனைந்ததாகவும், கெட்ட கனவு கண்டதாகவும், எழும்பிப் பழைய சோற்றைச் சாப்பிட்டதாகவும் அவரே சொன்னார். புது மருந்து அப்படித்தான் செய்யும் என்று நினைத்தாராம். மருத்துவரைக் கேட்டேன், இன்று ஊசி வேண்டாம், சாப்பிடட்டும் என்றார். ஊசியில் இருந்த இருபத்திரண்டையும் மணலில் பீய்ச்சினேன். அவர் அதைப் பார்த்து, “மருந்து வீணாப்போச்சே” என்று கவலைப்பட்டார்.

நடந்ததைச் சொன்னேன், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மன்னாரிலை சூரியன் கடலுக்கையோ விழுகுது? பாவம்” என்றார், மன்னாருக்காக இரங்கி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுகைதான் வென்றது.

“அதுக்கேன் அழுறியள்? சூரியனை விடுங்கோ, மிஸ். அது ஆளுக்கொரு பக்கத்தாலை வரும். காலமைக்குப் பாண்காரன்ரை ஆட்டோவைக் கீறுங்கோ. பாட்டுப் போட்டுக்கொண்டு எல்லா ஒழுங்கைக்கும் வாறவன். பின்னேரத்துக்கு லைட்டைக் கீறுங்கோ. எல்லா வீட்டிலையும் லைட் போடுவினம்.”

அப்படியே கீறினேன், காலைக்கு ரொட்டி விற்கிற ஆட்டோ, மாலைக்கு எரிகிற லைட். இந்தத் தடவை சல்லியிலும் உள்துறைமுகத்திலும் தோப்பூரிலிருந்து வந்தவர்களிடமும் கேட்டேன். எந்தப் படம் பெரிய ஊசி என்று அல்ல, இது எந்த நேரம், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று. காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். படம் பொய் சொன்னாலும் குரல் தனியாக உண்மையைச் சொல்லும்படி நேரத்தைச் சொன்னேன், பெரிய ஊசியா சின்ன ஊசியா என்று சொன்னேன், சாப்பாட்டைச் சொன்னேன். என் சொந்த எண்ணையும் அட்டையின் பின்புறத்தில் பெரிதாக எழுதினேன்.

ஒரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. நிறுவனத்தார் அனுப்பிய முதல் அறிக்கையில், சல்லி நம்பருக்குப் போன அழைப்புகள் எல்லாம் நாற்பது, ஐம்பது விநாடி ஓடியிருந்தன. செய்தியோ பன்னிரண்டு விநாடி. ‘சிவப்புப் பொத்தானை அழுத்தத் தெரியவில்லைப் போல’ என்று நான் அன்றைக்கு நக்கலாகச் சொல்லியிருந்தேன். இப்போது அக்காவிடம் கேட்டேன்.

“உங்களோடை கதைக்கிறனான்” என்றார். “மிசின் எண்டு தெரியும், மிஸ். எண்டாலும் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஆர் எனக்குப் போன் எடுக்கினம்?”

போன மாதம் நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்தார். செய்தி முடிந்ததும் இணைப்பைத் தானாகத் துண்டித்துவிடலாமா, வீணாக ஓடுகிறதே என்று கேட்டார். வேண்டாம், அவர்களாக வைக்கும் மட்டும் விடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன்.